சைவ வீடு, கருப்பு நாய், செம்பட்டையாகும் முடி: புரதம் போதுமா?

அகல்யா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் உள்ளே வராது. பால், தயிர், பனீர் உண்டு. மாமியார் இதில் ரொம்பக் கண்டிப்பு, எனக்கும் அதை மாற்றும் எண்ணம் இல்லை.

கருப்பி நான்கு வயதுப் பெண் நாய். குட்டியில் தெருவிலிருந்து எடுத்து வந்தது. கருத்தடை ஆகிவிட்டது, எடை 16 கிலோ. இரண்டு வருடமாக ஒரே சாப்பாடுதான். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு 500 கிராம் சோறு, 300 கிராம் தயிர், இரண்டு வேளையாகப் பிரித்து. விரும்பிச் சாப்பிடுகிறாள்.

போன மாதம் குளிப்பாட்டும்போது முதுகெலும்பின் முடிச்சு ஒவ்வொன்றும் விரலில் தட்டுப்பட்டது. வயிறு ஒட்டவில்லை, எடையும் குறையவில்லை. பின்தொடையில் கருப்பு முடி செம்பட்டையாகி வருகிறது. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, முட்டையாவது கொடுங்கள் என்றார். முட்டை முடியாது என்றதும், பருப்பு சேருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான். பருப்பு சேர்த்தால் போதுமா? இறைச்சி இல்லாமல் நாய்க்கு வேண்டிய புரதம் கிடைக்குமா, கிடைக்காதா?

தாத்தாவீடு

கவலையே வேண்டாம் மேடம். எங்கள் தாத்தா வீட்டு நாய் சோறும் மோரும் மட்டும் சாப்பிட்டு 14 வருடம் இருந்தது. வைட்டமின், மாத்திரை ஒன்றும் கிடையாது. இந்தப் புரதக் கணக்கெல்லாம் டப்பா உணவு விற்பவர்கள் கிளப்பிவிட்டது.

வேட்டைக்காரன்77

நாய் ஓநாய் வம்சம். பல்லைப் பாருங்கள், சைவம் சாப்பிடுகிற பல்லா அது? டாரின் என்று ஒன்று இருக்கிறது, அது இறைச்சியில் மட்டும்தான் உண்டு. அது இல்லாவிட்டால் கண் போகும், இதயம் வீங்கும். சைவமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் முயல் வளர்க்கலாமே. நாயை வைத்துக்கொண்டு உங்கள் கொள்கையை அதன் மேல் திணிப்பது கொடுமை.

ஊட்டக்கணக்கு

கால்நடைத் தீவனத்துக்குச் சேர்மானம் போடுவது என் தொழில், 18 வருடமாக. வேட்டைக்காரன் சொன்னதில் பாதி சரி. கண் போவது, இதயம் வீங்குவது, டாரின் உணவிலேயே வந்தாக வேண்டும் என்பது மூன்றும் பூனைக் கதை. நாய் தன் கல்லீரலில் டாரினைத் தானே செய்துகொள்ளும். ஆனால் செய்வதற்கு மூலப்பொருள் வேண்டும்: மெத்தியோனின், சிஸ்டைன் என்று கந்தகம் உள்ள இரண்டு அமினோ அமிலங்கள். அகல்யாவின் கேள்விக்கான பதில் இந்த இரண்டில்தான் இருக்கிறது. மொத்தப் புரதம் அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் கருப்பிக்கு எவ்வளவு தீனி வேண்டும் என்று பார்ப்போம். எடையை மூன்று முறை பெருக்கி, வரும் எண்ணுக்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 16 × 16 × 16 = 4096. அதன் வர்க்கமூலம் 64, அதற்கும் வர்க்கமூலம் 8. இந்த எட்டை 110-ஆல் பெருக்கினால் 880 கலோரி, ஒரு நாளைக்கு. அதிகம் ஓடாத வீட்டு நாய் என்றால் 95-ஆல் பெருக்கினால் போதும், 760 வரும். நீங்கள் கொடுக்கும் சோறும் தயிரும் சேர்ந்து 830 சொச்சம். ஆக, வயிறு நிறைகிறது, எடையும் நிற்கிறது. அதில் தப்பில்லை.

இனி புரதம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ வளர்ந்த நாய்க்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, ஆயிரம் கலோரிக்கு 45 கிராம் புரதம். அதில் மெத்தியோனினும் சிஸ்டைனும் சேர்ந்து 1.63 கிராம் இருக்க வேண்டும். கருப்பியின் 880 கலோரிக்கு அது 40 கிராம் புரதம், 1.43 கிராம் கந்தக அமினோ அமிலம்.

அவள் தட்டில் இருப்பது: சோற்றில் 13.5 கிராம் புரதம், தயிரில் பத்தரை. மொத்தம் 24. கந்தக அமினோ அமிலம் இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 1 கிராம். மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுகிறது. முதுகில் விரலுக்குத் தட்டுப்படுவது அந்தத் துண்டுதான். உணவில் வராததை உடம்பு தன் சதையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கலோரி போதுமான அளவு இருப்பதால் அந்த இடத்தில் கொழுப்பு ஏறி, தராசு முள் மட்டும் அசையாமல் நிற்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனையிலும் இது சீக்கிரத்தில் தெரியாது. ஆல்புமின் குறைந்து காட்டுவதற்குள் சதை நிறையவே போயிருக்கும்.

அகல்யா

சார், படித்ததும் பக்கென்று ஆகிவிட்டது. அப்படியென்றால் பருப்பு சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஊட்டக்கணக்கு

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். போட்டுப் பார்ப்போம்.

சோற்றை 300 கிராமாகக் குறைத்து, தயிரை 200 ஆக்கி, 200 கிராம் வெந்த பருப்பும் 10 கிராம் எண்ணெயும் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலோரி பழைய அளவுக்கே வருகிறது. புரதம் 24-இலிருந்து 33-க்கு ஏறிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது கந்தக அமினோ அமிலத்தைக் கூட்டுங்கள். சோற்றில் 0.35, பருப்பில் 0.39, தயிரில் 0.27. மொத்தம் 1.01. முன்பும் ஏறக்குறைய இதேதான்!

காரணம் எளிது. பருப்பில் லைசின் கொட்டிக் கிடக்கிறது, மெத்தியோனின்தான் குறைவு. அரிசியில் அப்படியே தலைகீழ். அரிசியும் பருப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், மனிதனுக்கு அது பொருந்தும். ஆனால் நாயின் உடம்பெல்லாம் முடி. முடியில் சிஸ்டைன் நிறைய. கலோரிக்குக் கலோரி கந்தக அமினோ அமிலம் அதற்கு நம்மைவிட அதிகமாகவே வேண்டும். சோற்றை எடுத்துவிட்டுப் பருப்பைப் போடும்போது புரதத்தில் மெத்தியோனின் விகிதம் கூடுதலாக உள்ளதை எடுத்துவிட்டுக் குறைவாக உள்ளதைப் போடுகிறோம். புரத எண் ஏறுகிறது, பற்றாக்குறை அப்படியே நிற்கிறது.

கோழித் தீவனத்தில் நாங்கள் தினமும் பார்க்கும் கூத்து இது. மக்காச்சோளமும் சோயாவும் எவ்வளவு கொட்டினாலும் முதலில் குறைவது மெத்தியோனின்தான். அதனால் அதைத் தூளாக வாங்கித் தனியே கலப்போம்.

ஜிம்_பாலா

சகோதரி, சைவத்தில் புரதம் கிடைக்கவில்லை என்று நானும் ரொம்ப நாள் திண்டாடினேன். வே புரோட்டீன் காலையில் ஒரு கரண்டி, உடற்பயிற்சி முடிந்து ஒரு கரண்டி. மூன்று மாதத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். முடி கொட்டுவதும் நிற்கும்.

அகல்யா

பாலா, புரதம் எனக்கில்லை, நாய்க்கு 😄

ஜிம்_பாலா

அடடா! தலைப்பில் வீடு, முடி, புரதம் மூன்றையும் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். சரி, நாய்க்கும் கொடுக்கலாமே?

ஊட்டக்கணக்கு

தெரியாமல் சொன்னாலும் நல்ல திசையில்தான் கல்லெறிந்திருக்கிறார். பால் புரதங்களில் கந்தக அமினோ அமிலம் அதிகம் உள்ளது வேதான். ஆனால் மனிதருக்கு விற்கும் டப்பாவை நாய்க்குக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் இனிப்புக்கு சைலிட்டால் போடுகிறார்கள். நாய்க்கு அது விஷம்: சிறிய அளவே ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். எதுவும் கலக்காத வே என்றால் பேசலாம். ஆனால் அதைவிடச் சுலபமான வழி உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது.

வேட்டைக்காரன்77

ஐயா இத்தனை கணக்கு போடுகிறார். 100 கிராம் கோழிக்கறி போட்டால் இந்த இழையே தேவையில்லை. தீவன வியாபாரிகள் கலப்பதையெல்லாம் நாய்க்குக் கொடுக்கச் சொல்கிறார்.

ஊட்டக்கணக்கு

கோழிக்கறி போட்டால் சுலபம், மறுக்கவில்லை. ஆனால் அவர் வீட்டு நிபந்தனையை முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். அதற்குள் வழி உண்டா என்பதுதான் கேள்வி.

ஓநாய் விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு ஓநாய்க்குப் பொதுவாக இரண்டு பிரதிதான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதை 2013-இல் கண்டுபிடித்தார்கள். மனிதனோடு இருந்து சோறு தின்றே மாறிய உயிர் அது. சைபீரியன் ஹஸ்கி பந்தய நாய்கள் பன்னிரண்டை வைத்து 16 வாரம் ஒரு சோதனை நடந்து, 2009-இல் வெளிவந்தது. இறைச்சியில்லாத தீனி தின்ற நாய்களின் ரத்த அணுக்களில் ஒரு குறையும் வரவில்லை. 2024-இல் இன்னொன்று: 15 நாய்கள், முழுக்கத் தாவர உணவு, ஒரு வருடம். அவையும் நன்றாகவே இருந்தன.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு யாரும் குதிக்க வேண்டாம். இரண்டிலும் கொடுத்தது கணக்குப் போட்டுத் தயாரித்த உணவு, வீட்டுச் சோறு இல்லை. நாய்களும் கொஞ்சம், காலமும் கொஞ்சம். ‘சைவம் ஒத்துக்கொள்ளும்’ என்பதற்கும் ‘சோறும் தயிரும் போதும்’ என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. கருப்பி இப்போது அந்தப் பள்ளத்தில்தான் நிற்கிறாள்.

தாத்தாவீடு

அப்போ எங்கள் தாத்தா வீட்டு நாய் 14 வருடம் இருந்தது எப்படி? இதற்கும் ஒரு கணக்கு சொல்லுங்கள் பார்ப்போம்.

ஊட்டக்கணக்கு

கட்டிப்போட்டா வளர்த்தார்கள், அவிழ்த்துவிட்டா?

தாத்தாவீடு

அவிழ்த்துவிட்டுத்தான். ராத்திரி முழுக்க வெளியே சுற்றும். காலையில் வாசலில் எலிவால் கிடக்கும், பாட்டி திட்டிக்கொண்டே அள்ளுவாள்.

…சரி, புரிகிறது.

காக்கர்_ரவி

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியல், இப்போது ஒன்பது வயது. நாங்களும் சைவம். சோறு, பருப்பு, காய், நார்ச்சத்து நல்லது என்று யாரோ சொல்லித் தவிடு. ஆறு வயதில் ராத்திரியில் இருமல் வந்தது. சளி என்று நினைத்து மருந்து கொடுத்தோம். பிறகு மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டது.

எக்கோ எடுத்தார்கள். இதயத் தசை மெலிந்து அறை விரிந்திருந்தது. முழு ரத்தத்தில் டாரின் பார்த்தால், 200-க்கு மேல் இருக்க வேண்டியது 88. டாரினும் கார்னிட்டினும் இதய மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் தேறியிருந்தது. இன்றைக்கும் தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் அகல்யா, நீங்கள் கறி கொடுக்கிறீர்களோ இல்லையோ, டாரின் மட்டும் பார்த்துவிடுங்கள். நாய் தானே செய்துகொள்ளும் என்று சார் சொல்வது எல்லா நாய்க்கும் பொருந்தாது.

ஊட்டக்கணக்கு

ரவி சொல்வது சரி, நான் அங்கே ஒரு வரி கூட எழுதியிருக்க வேண்டும். காக்கர், கோல்டன் ரெட்ரீவர், நியூஃபவுண்ட்லேண்ட் இனங்களில் டாரின் குறைவு அதிகம் பார்க்கிறார்கள். அவற்றுக்கு மூலப்பொருள் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

தவிடு விஷயம் பலருக்குத் தெரியாது. நாய் தன் பித்த அமிலத்தோடு டாரினை மட்டும்தான் சேர்த்து அனுப்பும். மனிதன் கிளைசினையும் பயன்படுத்துவான், நாய்க்கு அந்த வழி இல்லை. நார் அதிகமானால் பித்தம் குடலில் திரும்ப உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறும், கூடவே டாரினும் போகும். செய்வதற்கான பொருள் குறைவு, போகும் வழி அகலம். இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் ரவி வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

வேட்டைக்காரன்77

பார்த்தீர்களா! பருப்பு தின்றால் இதயம் போகும் என்று அமெரிக்க அரசே எச்சரித்தது. 2018-இல்.

ஊட்டக்கணக்கு

எச்சரித்தது உண்மை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் அப்படி ஓர் அறிக்கை விட்டது. ஆனால் புகாரில் இருந்தவற்றில் பெரும்பாலானவை தானியம் இல்லாமல் பட்டாணியும் பருப்பும் நிறையப் போட்ட கடை உணவுகள். இறைச்சியும் உள்ளவை. இன்றுவரை காரணம் நிரூபணமாகவில்லை. அதை வைத்து இறைச்சிதான் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது, பருப்புதான் கெடுத்தது என்றும் சொல்ல முடியாது. நான் பருப்பைக் கையளவுக்கு மேல் போடச் சொல்வதில்லை. அது என் பயம், அவ்வளவுதான்.

அகல்யா

சார், கருப்பிக்கு என்ன போடுவது என்று எடுத்துச் சொல்லுங்கள். அடுக்களையிலேயே வழி இருக்கிறது என்றீர்களே.

ஊட்டக்கணக்கு

மீல் மேக்கரும் பனீரும்.

மீல் மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த சோயா. பாதிக்குப் பாதி புரதம். சோயாவிலும் மெத்தியோனின் விகிதம் பிரமாதமில்லை, ஆனால் கலோரி குறைவாகவும் புரதம் அடர்த்தியாகவும் இருப்பதால் கொஞ்சம் போட்டாலே தொகை தேறிவிடும். பனீரில் மெத்தியோனின் விகிதமே நன்றாக இருக்கிறது.

கருப்பிக்கு ஒரு நாள் அளவு: சோறு 220 கிராம், உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராம், தயிர் 200 கிராம், பனீர் 50 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 10 கிராம், வேகவைத்த காய் ஒரு கைப்பிடி. கலோரி பழையபடி 830 வாக்கில். புரதம் 47 கிராம். கந்தக அமினோ அமிலம் சோயாவிலிருந்து 0.68, பனீரில் 0.30, தயிரில் 0.27, சோற்றில் 0.26. கூட்டினால் 1.51. தேவை 1.43. தாண்டிவிட்டது, ஆனால் மயிரிழையில். தாவரப் புரதம் முழுதாகச் செரிக்காது என்பதால் இந்த விளிம்பு எனக்குத் திருப்தியில்லை. மருத்துவர் ஒத்துக்கொண்டால் மெத்தியோனின் தூள் கொஞ்சம் சேர்ப்பது நல்லது. கடையில் விற்கும் சைவ நாய் உணவிலும் அதைத்தான் சேர்க்கிறார்கள். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். நிறையப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள், மெத்தியோனின் மிஞ்சினாலும் விஷம்தான்.

மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, திரும்ப நல்ல தண்ணீரில் வேகவையுங்கள். பிழிந்த தண்ணீரோடு வாயு உண்டாக்கும் சர்க்கரை ஓரளவு போய்விடும். ஒரேயடியாக மாற்றாதீர்கள், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு கலந்த எதுவும் வேண்டாம்.

தொட்டில்

எனக்கும் இதேதான் சார். மூன்று மாத லாப்ரடார் குட்டி. இதே அளவைப் பாதியாக்கிக் கொடுக்கலாமா?

ஊட்டக்கணக்கு

கூடாது. வளரும் குட்டிக்குப் புரதம், கால்சியம் இரண்டின் விகிதமே வேறு. பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் எலும்பு கோணும், கூடினாலும் கோணும். எலும்பு வளர்ந்து முடியும்வரை குட்டிகளுக்கென்று தயாரித்த முழு உணவு வாங்கிக் கொடுங்கள். இந்த இழையில் வருவது எதுவும் உங்கள் குட்டிக்கு இல்லை.

அகல்யா

முடி செம்பட்டையானதும் இந்த மெத்தியோனினால்தானா?

தாத்தாவீடு

அது வெயில் மேடம். எங்கள் வீட்டுக் கருப்பு மாடே கோடையில் செம்பட்டையாகும்.

ஊட்டக்கணக்கு

வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் வெயில் முதுகைத்தான் முதலில் சுடும், கருப்பிக்குத் தொடையில் தொடங்கியிருக்கிறது. கருப்பு நிறமி செய்ய ஃபினைல்அலனின், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் வேண்டும். வளர்வதற்குப் போதுமான அளவு முடியைக் கருப்பாக வைக்கப் போதாது. நிறமிக்குத் தாமிரமும் வேண்டும். சோற்றிலும் தயிரிலும் இருக்கும் தாமிரம் கருப்பியின் தேவையில் கால்பங்குகூட வராது. குறைந்தது அமினோ அமிலமா தாமிரமா என்று முடியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டையும் சரிசெய்துவிட்டுப் புது முடி என்ன நிறத்தில் வருகிறது என்று பார்ப்பதுதான் வழி.

தாமிரத்தைச் சொன்னதும் மீதியையும் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த அளவு புரதத்தைத்தான் தீர்க்கும். துத்தநாகம், அயோடின், தாமிரம், வைட்டமின் டி எதுவும் அந்தத் தட்டில் போதாது. சோயாவிலும் தானியத்திலும் உள்ள ஃபைட்டேட் இருக்கிற துத்தநாகத்தையும் கட்டிப்போட்டுவிடும். வெயிலில் படுத்தால் வைட்டமின் டி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், நாயின் தோலுக்கு அந்தத் திறமை கிடையாது. கால்சியம் மட்டும் எடுத்துக்கொண்டால் தேவை 1.1 கிராம், தட்டில் இருப்பது அதில் பாதி. மீதிக்கு ஒன்றரை கிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும்.

இதையெல்லாம் தனித்தனியாக வாங்கிக் கலக்க வேண்டாம். நாய்க்கு வீட்டுச் சமையலைச் சமன்செய்யவென்றே வரும் தாது, வைட்டமின் கலவை இருக்கிறது. முடி பளபளப்புக்கு விற்கும் டானிக் வேறு, இது வேறு. லேபிளில் துத்தநாகம், தாமிரம், அயோடின், டி எல்லாம் கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். அதில் கால்சியம் இருந்தால் மேலே சொன்ன ஒன்றரை கிராமில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு வாரம் ஒருமுறை என்று எழுதிக்கொடுக்கும் டி மாத்திரை பக்கமே போகாதீர்கள். கருப்பிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 110 யூனிட் போல. அந்த மாத்திரை ஒன்றில் இருப்பது அவளுக்கு மாதக்கணக்கில் வரும்.

காக்கர்_ரவி

இதில் முட்டையை மட்டும் ஒத்துக்கொண்டால் எவ்வளவு குறையும் சார்? எங்கள் வீட்டில் கடைசியில் அம்மாவே வெளி அடுப்பில் வேகவைக்க ஒப்புக்கொண்டார்.

ஊட்டக்கணக்கு

ஒரு முட்டை 72 கலோரிதான். கந்தக அமினோ அமிலம் 0.33 கிராம். அதே அளவு தயிரிலிருந்து வர வேண்டுமானால் கால் கிலோ தயிர் கொடுக்க வேண்டும். இரண்டு முட்டை போட்டால் கந்தகக் கணக்குக்கு மீல் மேக்கரே தேவையில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நானில்லை.

அகல்யா

வீட்டில் பேசிப் பார்த்தேன். நடக்காது. மீல் மேக்கர் வழியிலேயே போகிறேன்.

அகல்யா

*(மூன்று வாரம் கழித்து)*

சார், ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். மீல் மேக்கரை ஊறவைத்துப் பிழிந்த பிறகு 50 கிராம் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் உங்கள் பதிவைத் திரும்பப் படித்தேன், ‘உலர்ந்த’ என்று இருக்கிறது. ஒரு பொட்டலம் தீரவே மாட்டேன் என்கிறதே என்று சந்தேகம் வந்ததால் பார்த்தேன்.

ஊட்டக்கணக்கு

ஊறினால் மூன்று மடங்கு கனக்கும். அப்படியென்றால் இத்தனை நாளும் அவளுக்குப் போனது உலர் கணக்கில் 17 கிராம். புரதம் 30 கிராம்தான் வந்திருக்கும். பருப்பிலும் இதே குழப்பம் வரும், வெந்ததா வேகாததா என்று எப்போதும் கேளுங்கள். இனி உலர்வாக நிறுத்துவிட்டு ஊறவையுங்கள். நேரே 50-க்குப் போகாமல் ஒரு வாரத்தில் ஏற்றுங்கள்.

அகல்யா

*(இன்னும் ஏழு வாரம் கழித்து)*

நிலவரம். எடை 16.2. மலம் கெட்டியாக இருக்கிறது, வாயு முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. தொடையில் முடியை விலக்கிப் பார்த்தால் அடியில் ஒரு நகக்கண் அகலத்துக்குக் கருப்பு, மேலே செம்பட்டை. முதுகெலும்பு இன்னும் தட்டுப்படுகிறது, முன்பு போல் கூராக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கணவர் அப்படியேதான் இருக்கிறது என்கிறார்.

மருத்துவரிடம் கணக்கைக் காட்டினேன். தாதுக் கலவை எழுதிக்கொடுத்தார். மெத்தியோனின் தூள் இப்போதைக்கு வேண்டாம், டாரின் முடிவு வரட்டும் என்றார். ரத்தம் போயிருக்கிறது, முடிவு வரவில்லை. சிறுநீரும் பார்த்தார். காரத்தன்மை கொஞ்சம் கூடியிருக்கிறது, கிருமி இல்லை, படிகம் இல்லை.

காக்கர்_ரவி

எக்கோ எடுத்தீர்களா?

அகல்யா

இல்லை. டாரின் குறைவாக இருந்தால் எடுக்கலாம் என்றார்.

ஊட்டக்கணக்கு

காரச் சிறுநீர் தாவரத் தீனியில் வருவதுதான். அதோடு கிருமியும் சேர்ந்தால் ஸ்ட்ருவைட் கல் கட்டும். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறாளா, சிந்துகிறாளா என்று கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர் பாருங்கள். முதுகு விஷயத்தில் நீங்களும் கணவரும் சண்டை போடாமல், மாதம் ஒருமுறை மேலிருந்து ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

வேட்டைக்காரன்77

கருப்பு முடி வருகிறது என்பது நல்ல செய்திதான். கறி கொடுத்திருந்தால் முன்பே வந்திருக்கும் என்பேன்.

அகல்யா

😄 இன்னொரு சந்தேகம் சார். ஒரு வாரமாகப் பனீரைத் தேடித் தின்றுவிட்டு மீல் மேக்கர் உருண்டைகளைத் தட்டின் ஓரத்துக்கு மூக்கால் தள்ளிவிடுகிறாள். நேற்று மிஞ்சியதை நிறுத்தேன். ஈரத்தில் 40 கிராம். இது பெரிய விஷயமா?

ஊட்டக்கணக்கு

உலரில் அது 13 கிராம். கந்தகக் கணக்கில் 0.18 போயிற்று. 1.51 என்று எழுதியது 1.33 ஆகிவிட்டது, 1.43-க்குக் கீழே. மருத்துவரிடம் தூளைப் பற்றித் திரும்பப் பேசும்போது இதையும் சொல்லுங்கள். அதுவரை வேகவைத்த மீல் மேக்கரை மிக்ஸியில் கொரகொரப்பாக ஓட்டி, பனீரையும் உதிர்த்து, தயிர்விட்டுச் சோற்றோடு பிசைந்து வையுங்கள். மூக்கால் பிரிக்க முடியாதபடி.